ஆன்லைன் டியூட்டர் டெமோ: 1/2 + 1/3 கேட்டால்

ஆன்லைன் டியூட்டர் இன்டர்வியூவில் டெமோ வகுப்பு எடுக்கச் சொல்லி, கேட்பவரே கணக்கு வராத ஆறாம் வகுப்புப் பையனாக நடிப்பதுண்டு. 1/2 + 1/3 கொடுத்தால் "2/5-ங்க சார்" என்பார். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறார். பலர் உடனே மீ.சி.ம. சொல்லித்தர இறங்கிவிடுவார்கள். அங்கேதான் வாய்ப்பு போகிறது. தன் விடை ஏன் தப்பு என்று பையனுக்கு இன்னும் தெரியாதே!

முதலில் அவன் விடையையே சோதிக்க வையுங்கள். ஈரோடு, கோபி பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலக்கணக்கு வீட்டுப் பேச்சு. "அரை ஏக்கர் எத்தனை சென்ட் கண்ணு?" 50 என்பான். "ஏக்கரில் 2/5 பங்கு?" 40. "50 சென்ட்டோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 40 ஆகுமா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தச் சில நொடி மௌனத்தை நிரப்பாமல் காத்திருப்பது ரொம்ப முக்கியம்.

அப்புறம் ஒயிட்போர்டில் ஒரு செவ்வகம். குறுக்கே 2, நெடுக்கே 3 எனப் பிரித்தால் 6 கட்டம். பாதி 3 கட்டம், மூன்றில் ஒரு பங்கு 2 கட்டம். இரண்டையும் வெவ்வேறு கட்டங்களில் குறிக்கச் சொன்னால் ஒரே கட்டத்தை இருமுறை எண்ண மாட்டான். மொத்தம் 5/6 என்று அவனே சொல்வான். மீ.சி.ம. என்ற பெயரை இப்போது சொன்னால் போதும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "புரிஞ்சுதுங்க" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் 1/3 + 1/4 கொடுத்து, எத்தனை கட்டம் போடுவான் என்று பாருங்கள். 12 கட்டம் போட்டால் பிடித்துக்கொண்டான். 2/7 என்றால் மறுபடி செவ்வகத்துக்கே வாருங்கள்.