தமிழ்த் தலைப்புக்கு இரண்டு கோடு போதாது

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன வாரம் அறிவியல் நோட்டில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று தலைப்பு எழுதினாள். ‘ஒளிச்சே’ வரை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ‘ர்க்’ வந்தபோது நெருக்கடி தொடங்கிவிட்டது. கடைசியில் வந்த ‘கை’ பக்கத்தின் ஓரத்தில் பாதி உடம்போடு தொங்கிக்கொண்டிருந்தது. புள்ளிகளில் ஒன்று மேலே இருந்த தேதியின் மேல் போய் விழுந்திருந்தது. அவள் கையெழுத்து நல்ல கையெழுத்துதான். பேனாவை எடுப்பதற்கு முன்பே தவறு நடந்துவிட்டது.

வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாளாம். அதில் வருவதெல்லாம் ஆங்கிலத் தலைப்பு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டால் அதற்குள் சமர்த்தாக நின்றுவிடும். தமிழ் அப்படி நிற்காது. புள்ளியும் ‘ளி’யின் வளைவும் மேலே போகும். ‘ர’வின் வால், ‘ழ’வின் சுழி, ‘பூ’, ‘கு’, ‘மூ’ எல்லாம் கீழே இறங்கும். இரண்டே கோடு போட்டால் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வாலையும் புள்ளியையும் கோட்டுக்குள் இழுத்து எழுத்தைக் குள்ளமாக்குகிறார்கள், அல்லது வெளியே விட்டுவிட்டு அடுத்த வரியோடு மோத வைக்கிறார்கள்.

ஒன்றாம் வகுப்பில் நாலு கோடு நோட்டு என்று ஒன்று வாங்கினோமே, அதையேதான் இங்கே பென்சிலால் லேசாகப் போட வேண்டும். எழுத்தின் உடம்பு 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மேலே 5, கீழே 5 விடுங்கள். மொத்தம் 20 மி.மீ. எடுக்கும். கோடு போட்ட நோட்டில் அது இரண்டு வரிக்கும் கொஞ்சம் கூடுதலாக வரும் என்பதால் மூன்று வரியைத் தலைப்புக்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது. புள்ளிகள் எல்லாம் மேல் இடைவெளியின் நடுவில், ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ‘ச்’, ‘ர்’, ‘க்’ என்று மூன்று புள்ளி வரும் சொல்லில் ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், எழுத்து எவ்வளவு நேராக இருந்தாலும் தலைப்பு சாய்ந்தது போலத்தான் தெரியும்.

எழுத்தை எண்ணிப் பிரிப்பது

நடுவில் வர வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் செய்கிற கணக்கு இது. என் மகள் நோட்டில் மார்ஜின் போக 15 செ.மீ. இருக்கிறது. ஒளிச்சேர்க்கை என்பதில் ஒ, ளி, ச், சே, ர், க், கை என்று ஏழு எழுத்து. 150-ஐ ஏழால் வகுத்தால் எழுத்துக்கு 21 மி.மீ. சொச்சம் கிடைக்கும். அதன்படி கட்டம் போட்டாள். விளைவு, ‘ர்’ ஒரு பெரிய அறையில் தனியாக நின்றது. ‘கை’ தன் அறையில் மூச்சுவிட முடியாமல் திணறியது. அதைப் பார்த்துவிட்டுக் கட்டத்தை அழித்து, நேராகவே எழுதிப் பார்க்கலாம் என்று எழுதியதுதான் ஓரத்தில் தொங்கிய அந்தத் தலைப்பு.

தமிழில் எழுத்துக்கு எழுத்து அகலம் அவ்வளவு மாறும். அதே பத்து மி.மீ. உயரத்தில் நான் எழுதிப் பார்த்து அளந்தபோது ‘ர்’ 7 மி.மீ., ‘ச்’சும் ‘க்’கும் 10, ‘ஒ’ 12, ‘ளி’ 16, ‘சே’ 18 வந்தன. ‘கை’ மட்டும் 22. அதாவது ‘ர்’ போல மூன்று மடங்கு. கூட்டினால் 95. எழுத்துக்கு இடையே ஆறு இடைவெளி, ஒவ்வொன்றும் 3 மி.மீ. என்றால் 18. மொத்தம் 113. ஆக 15 செ.மீ.க்குள் தாராளமாக அடங்குகிற சொல்தான் அது. உங்கள் கைக்கு இந்த அளவுகள் கொஞ்சம் கூடும், குறையும். அதனால் என் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம், முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டல் கழித்தல்கூட வேண்டாம் என்றால் சுலபமான வழி இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் அதே உயரத்தில் தலைப்பை ஒருமுறை எழுதுங்கள். முதல் எழுத்தின் இடது ஓரத்திலும் கடைசி எழுத்தின் வலது ஓரத்திலும் துண்டை வெட்டிவிடுங்கள். அதை இரண்டாக மடித்தால் விழும் மடிப்புதான் சொல்லின் நடு. நோட்டில் எழுதும் இடத்தின் நடுவைப் பென்சிலால் குறித்து, மடிப்பை அதன்மேல் வைத்து, துண்டு எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டு எழுத வேண்டியதுதான். துண்டை மேலேயே வைத்துக்கொண்டு பார்த்து எழுதினால் நடுவில் எங்கேயும் பிசகாது.

இடைவெளியில் இன்னொரு சங்கதி. ‘சே’ என்பது கண்ணுக்கு இரண்டு உரு, ஆனால் ஓர் எழுத்து. கொம்புக்கும் ‘ச’வுக்கும் நடுவே 3 மி.மீ. விட்டால் கொம்பு அநாதையாக நிற்கும், படிக்கிறவர் கண் ஒரு கணம் தடுக்கும். அங்கே 1 மி.மீ. போதும். ‘கை’யின் சங்கிலிக் கொம்புக்கும், ‘பா’வின் துணைக்காலுக்கும் இதே கதைதான். (1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு ‘னை’, ‘லை’ போன்றவற்றைத் தும்பிக்கை வைத்து ஒரே உருவாக எழுதுவார்கள். இடம் மிச்சமாகும், அழகாகவும் இருக்கும். பள்ளி நோட்டில் போட்டால் சிவப்பு மை வாங்கும். சொந்த டைரியில் தாராளமாகப் போடலாம்.)

தடிமன் எங்கே சேர்ப்பது

சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் தடித்த எழுத்து வர ஒரே வழி, எழுதிய கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து நடுவை நிரப்புவது. அழுத்தி எழுதினால் கோடு தடிக்காது, பின்பக்கம்தான் புடைக்கும். தாளைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து கைக்குத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம், பின்பக்கத்தில் எழுதும்போது பேனா அந்த மேட்டில் குதிக்கும்.

வீடியோவில் சொல்லும் விதி, ‘கை கீழே இறங்கும் கோட்டைத் தடிமனாக்கு’ என்பது. அதை அப்படியே ‘ப’வில் போட்டுப் பாருங்கள். நாம் ‘ப’ எழுதும்போது இடது கால் கீழே இறங்கும், அடி படுக்கும், வலது கால் மேலே ஏறும். விதிப்படி இடது கால் மட்டும் தடிக்கும், வலது கால் குச்சியாக நிற்கும். ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்ட மாதிரி. தமிழுக்கு நான் வைத்திருக்கும் விதி வேறு: கை எந்தப் பக்கம் போனாலும் சரி, நிற்கும் கோடெல்லாம் தடிக்கும், படுத்த கோடெல்லாம் மெலிந்திருக்கும். ‘ப’வுக்கு இரண்டு காலும், ‘ட’வுக்கு ஒரே காலும். ‘க’வுக்கு நடுவில் இறங்கும் தண்டு.

10 மி.மீ. உயரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. தடிமன் அழகு. ஆசைப்பட்டு மூன்று வைத்தால், 7 மி.மீ. அகலமுள்ள ‘ர’வின் இரண்டு காலும் ஆறைத் தின்றுவிடும், நடுவில் ஒரு கீறல்தான் மிஞ்சும்.

சுழி உள்ள எழுத்துகளில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது கோட்டைச் சுழிக்கு உள்ளே போட்டால் சுழி அடைந்து கறுப்பு உருண்டையாகிவிடும். சுழியைத் தொடவே வேண்டாம். ‘ண’வில் கடைசியாக நிற்கும் காலை மட்டும் தடிமனாக்கிவிட்டு விடுங்கள். சுழிகள் மெல்லிசாக இருந்தால்தான் அது ‘ண’வா ‘ன’வா என்று தூரத்திலிருந்தே தெரியும். நடுவை நிரப்பாமல் வெறும் வெளிக்கோடாக விடும் பாணியிலும் புள்ளியை மட்டும் கறுப்பாக நிரப்பிவிட வேண்டும். வெற்று வட்டமாக விட்டால் தலைக்கு மேலே ஒரு பூஜ்யம் மிதக்கிற மாதிரி இருக்கும்.

நிழல் போடுவது பிடித்தால் வலது ஓரத்தில் மட்டும், 1 மி.மீ. தள்ளி, வெளிர் நிறத்தில் ஒரே கோடு போடுங்கள். அடியிலும் போட்டால் ‘கு’, ‘பூ’வின் வளைவோடு குழம்பும்.

ஸ்கேல் எழுத்தும் ஸ்கேல் தீற்றலும்

எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்தே எழுதும் கட்டப் பாணி ஒன்று உண்டு. பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் வளைவெல்லாம் மூலையாக மாறும்போது ‘ர’வின் வாலை மறந்துவிடுகிறார்கள். வால் போனால் ‘ர’ துணைக்கால் ஆகிவிடும். ‘மரம்’ என்பது ‘மாம்’ என்று நிற்கும். ‘எ’வை ‘ஏ’ ஆக்கும் அந்தச் சின்னக் கீற்றும், ‘ஒ’வை ‘ஓ’ ஆக்கும் சுழியும் இப்படித்தான் காணாமல் போகின்றன. நிற்கும் கோட்டுக்கும் படுத்த கோட்டுக்கும் ஸ்கேல், வாலுக்கும் சுழிக்கும் வெறும் கை என்று பிரித்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. எழுதி முடித்ததும் பாடம் தெரியாத யாரிடமாவது காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நொடி தயங்கினாலும் அந்த எழுத்தில் ஏதோ குறை.

மை தீற்றிக்கொள்வதற்குப் பேனாவைத் திட்டுவோம். பாதி நேரம் ஸ்கேல்தான் காரணம். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரம் தாளோடு ஒட்டியிருந்தால் ஜெல் பேனா மை அதன் அடியில் ஊர்ந்து போகும். ஸ்கேலின் சரிவான ஓரம் கீழ்ப்பக்கம் வருமாறு கவிழ்த்துப் போடுங்கள். ஓரத்துக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும், மை அடியில் போகாது. சரிவே இல்லாத ஸ்கேல் என்றால் அடியில் இரண்டு முனையிலும் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டினால் அதே வேலை நடக்கும். கோடு இழுத்தபின் ஸ்கேலை நகர்த்தாமல், நேராகத் தூக்கி எடுக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டிய மையை ஒவ்வொரு கோட்டுக்கும் துணியில் துடைக்கவும் வேண்டும். இதை என் மகள் இன்னும் செய்வதில்லை, நோட்டில் தெரிகிறது.

ஸ்கெட்ச் பேனா பள்ளி நோட்டுக்கு வேண்டாம். அந்த மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறித் தெரியும், அந்தப் பக்கம் வீண்.

கடைசி வேலை பென்சில் கோடுகளை அழிப்பது. இங்கேதான் அவசரம் வரும். பால்பாயிண்ட் என்றால் சில நிமிடம் போதும். ஜெல் என்றால், குறிப்பாக நிரப்பிய இடங்களில், அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். ஓரத்தில் ஓர் இடத்தில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் ரப்பரை எடுக்கலாம். எழுத்தின் மேல் தேய்த்தால் ஜெல் மையின் கருமை கொஞ்சம் வெளுக்கும். அதனால் எழுத்துக்கு வெளியே இருக்கும் கோட்டை மட்டும் அழித்துவிட்டு, எழுத்துக்கு நடுவே போகிற கோட்டை அப்படியே விட்டுவிடலாம். முதலிலேயே லேசாகப் போட்டிருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.