எந்த கார்டு மெஷினில் கோளாறு?

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஆறு கார்டு மெஷின்கள். மொத்தமாகப் பார்த்தால் 100க்கு 94 வெற்றி. குறை சொல்ல இடமில்லை. ஆனால் பட்டுப் பிரிவில் மட்டும், "அண்ணே, மறுபடியும் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று குரல் வரும்.

வங்கித் தளத்திலிருந்து ஒரு மாதப் பட்டியலை இறக்கி, TID வாரியாகப் பிரித்தேன். மெஷினுக்கு மெஷின் மாறும் அந்த எண் ரசீதிலேயே அச்சாகும். எல்லாத் தோல்வியையும் மெஷின் தலையில் கட்ட முடியாது. பதில் குறியீடு 51 என்றால் கணக்கில் பணமில்லை, 55 என்றால் பின் எண் தவறு, 91 என்றால் கார்டு கொடுத்த வங்கி பதில் தரவில்லை. இவற்றை நீக்கியதும் ஐந்து மெஷின்கள் 98க்கு மேல் நின்றன. பட்டுப் பிரிவு மெஷின் 86. மீதித் தோல்விகளில் பெரும்பாலானவை நேரம் கடந்த தொடர்புத் துண்டிப்பு.

மாடியில் சிக்னல் குறைவோ என்ற சந்தேகம் தீர, அதைக் கீழ்த்தளத்து மெஷினோடு இடம் மாற்றினேன். தோல்வியும் கூடவே இறங்கி வந்தது. பிறகு சிம்களை மாற்றிப் போட்டும் அதே மெஷின்தான் தடுமாறியது. இந்த இரண்டு சோதனைக்கும் நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகள் சேரும்வரை காத்திருக்க வேண்டும்; இருபதில் இரண்டு போனால் அது எதையும் நிரூபிக்காது.

பட்டியலை வங்கிக்கு அனுப்பினேன். பேச்சில்லாமல் மாற்று மெஷின் வந்தது.

ஒன்று மட்டும் இந்தப் பட்டியலில் சிக்காது. மெஷின் சிப்பைப் படிக்கவே தவறினால் கோரிக்கை வங்கிக்குப் போகாது, பதிவும் இருக்காது. அதற்காகக் கல்லாவில் ஒரு தாள் வைத்து, கார்டை மறுபடி செருகும்போதெல்லாம் கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.