ஸ்மார்ட் மீட்டர் சோதனை: தப்பு மீட்டரிலா, ரிக்கிலா?

ஸ்மார்ட் மீட்டரின் ஃபர்ம்வேரைச் சோதிக்க நிஜ 240 வோல்ட் லைனும் நிஜ லோடும் எல்லா நேரமும் தேவைப்படாது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் எப்படி வருமோ அதே வடிவத்தில் சின்ன சிக்னல்களை எண்களை மின்னழுத்தமாக்கும் ஒரு டிஏசி உருவாக்கி, மீட்டர் போர்டில் அதைத் திரும்ப எண்ணாக்கும் ஏடிசியின் உள்ளீட்டில் கொடுத்தால் போதும். போர்டு நிஜம், கரன்ட் மட்டும் பொய். இதுதான் ஹார்டுவேர் இன் த லூப்; இந்தப் பொய் கரன்டைக் கொடுக்கும் சோதனை அமைப்புதான் ரிக். இந்தப் பொய்யில் சில ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை நேரத்தில் இருக்கிறது. ரிக் எழுதுபவர்கள் வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்கள்:

```
dac_write(CH_V, v[n]);
dac_write(CH_I, i[n]);
```

பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் முதல் வரி முடிந்த பிறகுதான் இரண்டாவது நடக்கும். இடையில் 10 மைக்ரோ விநாடி போகிறது என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி விநாடி, அதனால் இந்தத் தாமதம் 0.18 டிகிரி. பவர் ஃபேக்டர் 1-இல் சோதித்தால் பிழை கிட்டத்தட்ட பூஜ்யம். லோடை ஏற்றினாலும் இறக்கினாலும் எல்லாம் பாஸ். அதே ரிக்கில் 0.5 லேக்கிங், அதாவது மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு 60 டிகிரி பின்தங்கும்படி வைத்துப் பாருங்கள்: அந்த 60 டிகிரி 60.18 ஆகிவிடும், அளவீடு 0.54 சதவீதம் குறையும். கிளாஸ் 1 மீட்டருக்கு அந்த இடத்தில் அனுமதிக்கப்பட்ட பிழையே ±1 சதவீதம்தான். அதில் பாதியை ரிக்கே தின்றுவிட்டது.

இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. பிழையைப் பார்த்தவர் ஃபர்ம்வேரில் இருக்கும் ஃபேஸ் திருத்த எண்ணை மாற்றி ரிக்கில் பூஜ்யமாக்கிவிடுவார். சோதனை பச்சை காட்டும். இப்போது மீட்டர் ரிக்கோடு மட்டும் ஒத்துப்போகிறது, நிஜ லைனில் அதே 0.54 எதிர்ப்பக்கமாக வரும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: டிஏசியின் இரண்டு சேனல்களையும் இடம் மாற்றுங்கள், சிக்னல் அளவை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள். 0.5 லேக்கிங்கில் முன்பு −0.54 காட்டியது இப்போது +0.54 ஆனால், குற்றம் ரிக்கினுடையது. மாறாமல் நின்றால் மீட்டரினுடையது. முன்பு −0.7, இப்போது +0.3 என்று வந்தால் இரண்டும் கலந்திருக்கிறது: சராசரியான −0.2 மீட்டருடையது, வித்தியாசத்தில் பாதியான 0.5 ரிக்குடையது. திருத்தம் சுலபம்தான், இரண்டு மதிப்பையும் முதலில் ஏற்றிவைத்து, டிஏசியின் LDAC என்ற பின் மூலம் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். ஆனாலும் ரிக் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிக்கொண்டு சிக்னல் கொடுக்கிறது. அதனால் கடைசி ஃபேஸ் அளவுதிருத்தத்தை நிஜ டிரான்ஸ்ஃபார்மரோடுதான் செய்ய வேண்டும்.

இரண்டாவது ஓட்டையில் நானே விழுந்திருக்கிறேன். கரன்ட் போகும்போது யூனிட் கணக்கை மீட்டர், கரன்ட் இல்லாமலும் அழியாத EEPROM நினைவகத்தில் சேமிக்கிறதா என்ற சோதனை. சப்ளையை ரிலே வெட்டும், மறுபடி கொடுக்கும், கணக்கு அப்படியே இருக்கும். பல நூறு முறை பாஸ். அப்புறம் ஒருநாள் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தால், சப்ளை வெட்டிய பிறகும் சிப்பின் VDD பின்னில் 2.6 வோல்ட்! கணினியிலிருந்து வரும் UART கம்பி சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டில்தான் நிற்கும். அது பின்னின் பாதுகாப்பு டயோடு வழியாகச் சிப்புக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தது. சிப் சாகவே இல்லை, கணக்கு RAM-இலேயே உயிரோடு இருந்தது. EEPROM-இல் எழுதும் பகுதியை நாங்கள் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

இதற்கு அறிகுறி உண்டு. கரன்ட் திரும்பியதும் ரீசெட் காரணப் பதிவேட்டைப் படியுங்கள். பவர்-ஆன் ரீசெட் என்று இல்லாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. UART-ஐ ஆப்டோகப்ளர் வழியாக இணைத்து, அதன் மீட்டர் பக்கத்துக்கு மீட்டரின் சப்ளையையே கொடுங்கள். டீபக்கரைக் கழற்றிவிடுங்கள்.

வெட்டும் நேரமும் முக்கியம். EEPROM ஒரு பக்கத்தை எழுத 5 மில்லி விநாடி வரை எடுக்கும். எப்போதோ ஒரு நேரத்தில் வெட்டினால் அந்தச் சிறு இடைவெளியில் விழ அதிர்ஷ்டம் வேண்டும். எழுதத் தொடங்கும் நொடியைப் பிடித்து, அதிலிருந்து 0.1 மில்லி விநாடி கூட்டிக் கூட்டி வெட்டிக்கொண்டே போனால், பாதி எழுதிய பதிவைச் சரியான பதிவென்று நம்பும் ஃபர்ம்வேர் மாட்டிக்கொள்ளும்.

மாதக் கடைசி பில்லிங்கிலும் ஒரு அவசர வேலை நடக்கும்: கடிகாரத்தை நேராக 1-ஆம் தேதி 00:00:05-க்குத் தள்ளுவது. அப்போது ஓடுவது கடிகாரம் மாற்றியதற்கான நிரல், நள்ளிரவைக் கடப்பதற்கான நிரல் அல்ல. 23:58-இல் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். இன்னொரு முறை 23:59-க்கு வெட்டி 00:10-க்குக் கரன்ட் கொடுங்கள். அந்த மாதத்துக்கு ஒரே ஒரு பில்லிங் பதிவு இருக்க வேண்டும், இரண்டும் கூடாது, இல்லாமலும் போகக்கூடாது.