இலவச ட்ரயல்: சேர்ந்த கையோடு கேன்சல் செய்யுங்கள்

இலவச ட்ரயலில் சேர்ந்ததுமே சந்தாவைக் கேன்சல் செய்துவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் ட்ரயல் முடியும் நாள்வரை அப்படியே பயன்படுத்தலாம். பிடித்திருந்தால் அப்புறம் பணம் கட்டிக்கொள்ளலாம்.

கடைசி நாள்வரை காத்திருப்பதில்தான் சிக்கல். ஐபோனில் 1ஆம் தேதி இரவு 10 மணிக்கு 7 நாள் ட்ரயல் தொடங்கினால், அது 8ஆம் தேதி இரவு 10 மணிக்கு முடியும். ஆனால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே கேன்சல் செய்யச் சொல்கிறது ஆப்பிள். ஆக, உங்கள் கெடு 7ஆம் தேதி இரவு 10 மணி. செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது.

சில சேவைகளில், ஆப்பிளின் சொந்தச் சேவைகள் உட்பட, கேன்சல் செய்த நொடியே ட்ரயலும் போய்விடும். அங்கே நினைவூட்டல் வைப்பதே வழி. கேன்சலை உறுதிசெய்யும் திரையில் எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்று இருக்கும், படித்துவிட்டு அழுத்துங்கள்.

முன்பே ஒருமுறை ட்ரயல் எடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. சலுகை பொதுவாகப் புதியவர்களுக்கு மட்டுமே. பழைய கணக்கையோ கார்டையோ வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். விளம்பரம் என்னவோ ‘இலவசம்’ என்றுதான் சொல்லும், பணம் உடனே போகும். கடைசித் திரையில் இன்று கட்டவேண்டிய தொகை பூஜ்யமா என்று பாருங்கள்.