நாலு தாளில் 16 பக்கக் கதைப்புத்தகம்: பிள்ளையோடு சேர்ந்து செய்யும் முறை

நான்காம் ஆண்டுப் பிள்ளை கையால் எழுதும் கதைப்புத்தகத்தில் பெரும்பாலும் கெட்டுப்போவது பக்க வரிசைதான். 3ஆம் பக்கத்தை எழுதிவிட்டு, அதே தாளின் அடுத்த பாதியில் 4ஆம் பக்கத்தை எழுதிவிடுவார்கள். மடித்துத் தைத்த பிறகு அது 14ஆம் பக்கத்தில் போய் நிற்கும்.

ஆகவே முதலில் ஒரு மாதிரி செய்யுங்கள். நாலு ஏ4 தாளை அடுக்கி நடுவில் மடித்து, பிள்ளையையே 1 முதல் 16 வரை எண் போடச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால், தாளின் ஒரே முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களைக் கூட்ட எப்போதும் 17 வரும். நல்ல தாளில் எண் போடும்போதும் இப்படிக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கதையைப் பங்கிடுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு வைப்பதைப் பிள்ளை பார்த்திருக்கும். அந்த ஆந்தையே கதாநாயகன் என்று வைத்துக்கொள்வோம். 1ஆம் பக்கம் தலைப்பு, 16ஆம் பக்கம் எழுதியவர் பெயர். நடுவில் ஏழு விரிப்புகள், ஏழு காட்சிகள். இடப்பக்கம் படம், வலப்பக்கம் 40 சொல்லுக்குள் எழுத்து. ஒரே தாளாக விரிவது 8, 9ஆம் பக்கங்கள் மட்டுமே. ஆந்தை இறக்கை விரித்து எலிமேல் பாயும் காட்சியை அங்கே முழு அகலத்துக்கு வரையட்டும். எழுத்து அடியில் இரண்டு வரி போதும். வேறு விரிப்பில் அப்படி வரைந்தால் படம் இரண்டு தாளாகப் பிரிந்து, தைக்கும்போது கோடுகள் பொருந்தாது.

தாள் 120 ஜிஎஸ்எம் இருக்கட்டும். இரவு வானத்துக்குக் கறுப்பு மார்க்கர் வேண்டாம். 4ஆம் பக்கத்துப் படத்தின் முதுகில்தான் 3ஆம் பக்க எழுத்து இருக்கிறது, மை ஊறி அதைக் கெடுத்துவிடும். கலர் பென்சிலில் கருநீலத்தின் மேல் கறுப்பைத் தேய்த்தால் இருள் நன்றாகவே வரும்.

எழுதும் பக்கத்தில் மடிப்போரம் 1.5 செ.மீ. விட்டு, 1.2 செ.மீ. இடைவெளியில் மெல்லிய பென்சில் கோடு போடுங்கள். இதைவிட நெருக்கினால் மேல்வரியில் கு, மு, ழு போன்ற எழுத்துகளின் கீழே இறங்கும் பகுதி கீழ்வரியின் விசிறியில் இடிக்கும். வண்ணம் முடிந்த பிறகே பேனா. மை காய்ந்ததும் கோட்டை அழிக்கலாம். ஒரு பத்தி பிழையானால் தாளையே மாற்றாதீர்கள், கூடவே இன்னும் மூன்று பக்கம் போய்விடும். அதே வகைத் தாளில் தனியாக ஒரு துண்டு வெட்டி எழுதி, மேலே ஒட்டினால் போதும்.

கடைசியாகத் தையல். மணிலா அட்டையை வெளியே வைத்து, மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. துளையைப் பெரியவர்கள் போடுங்கள். 60 செ.மீ. நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே, கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே இழுங்கள். நீள நூலின் இரு பக்கமும் ஒவ்வொரு முனை இருக்கும்படி வைத்து முடிச்சுப் போட்டால் நூல் தளராது.