எலும்பும் தோலுமாய் இருக்கும் பெண்ணுக்குக் கொலஸ்ட்ரால் 286: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். போன ஜனவரியில், உறைபனி கொட்டிய ஒரு காலையில், அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு 19 வயது, கோயம்புத்தூரில் கல்லூரி. மூன்று ஸ்வெட்டருக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. அம்மா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டி, "இவளுக்குப் போய் கொலஸ்ட்ராலா மேடம்? எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்க்கிறதில்லையே" என்றார்.

மொத்தக் கொலஸ்ட்ரால் 286, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 195, நல்லது எனப்படும் எச்டிஎல் 72, ட்ரைகிளிசரைடு 95. அவள் எடையை இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்கு இருந்தது அனோரெக்சியா, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் மனநோய். இந்த நோய் உள்ளவர்கள் படித்தால் அந்த எடை எட்ட வேண்டிய எண்ணாகிவிடும். உயரத்துக்கு மிக மிகக் குறைவு என்பது போதும்.

ரிப்போர்ட்டை மட்டும் பார்த்த ஒரு கிளினிக்கில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், 'முட்டை, நெய், தேங்காய், வர்க்கி தவிர்க்கவும்' என்று ஒரு சீட்டும் கொடுத்திருந்தார்கள். முதல் தவறு அந்தச் சீட்டு. அனோரெக்சியா உள்ள பெண் ஏற்கெனவே இதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு, வீட்டில் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். இப்போது டாக்டரே அவள் பக்கம். அந்தச் சீட்டை அவள் மடித்து மொபைல் கவருக்குள் வைத்திருந்தாள்.

சாப்பிடாதவளுக்கு எங்கிருந்து கொலஸ்ட்ரால் வந்தது? நம் ரத்தத்தில் இருப்பதில் பெரும்பங்கு உடம்பே செய்துகொள்வது. தட்டிலிருந்து வருவது கொஞ்சம்தான். பட்டினியில் முக்கியமாகக் கெடுவது அது வெளியேறும் வழி. உணவு நின்றால் உடம்பு செலவைக் குறைக்கும். தைராய்டின் வேலை செய்யும் ஹார்மோனான டி3 இறங்கும். டி3 இறங்கினால், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் குறையும். கொலஸ்ட்ராலைப் பித்தமாக மாற்றி வெளியே தள்ளும் வேலையும் மந்தமாகும். போக வழியில்லாமல் எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றுகிறது.

இதிலிருந்து அடுத்த தவறு பிறக்கிறது. டி3 குறைவு என்று பார்த்ததும் தைராய்டு மாத்திரை கொடுப்பது. இவளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் சரியாகவே இருந்தது. சுரப்பியில் கோளாறு இல்லை, உடம்பு தானே அடுப்பைத் தணித்து வைத்திருக்கிறது. மாத்திரை அதைத் தூண்டினால் எடை இன்னும் கரையும், பலவீனமான இதயத்துக்கும் சுமை. நல்லவேளை, இதை யாரும் தொடங்கியிருக்கவில்லை.

கையை நீட்டச் சொன்னேன். ஐஸாகக் குளிர்ந்த உள்ளங்கை, மஞ்சள் நிறம். வீட்டில் காமாலை என்று பயந்து பச்சிலை மருந்து வரை போயிருந்தார்கள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. காமாலையென்றால் முதலில் அதுதான் மஞ்சளாகும். பசிக்கும்போதெல்லாம் கேரட். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் ரத்தத்தில் பெரும்பாலும் எல்டிஎல் மேலேறித்தான் போகும். எல்டிஎல் தேங்கினால் அதுவும் தேங்கும். முன்கையில் பூனைமுடி, நின்றுபோன மாதவிலக்கு, நாடித்துடிப்பு 44. குளிர் மலையில் எல்லோரும் ஸ்வெட்டர் போடுவதால் பாதி அடையாளம் மறைந்துவிடுகிறது.

அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினேன். அம்மா தயங்கினார்: "வீட்டிலேயே நெய்ச்சோறு, கோழின்னு போட்டுத் தேத்திடறேனே." பாசத்தில் செய்யும் இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சோறு இறங்கினால் இன்சுலின் எகிறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுபட்டு மளமளவென்று இறங்கும். இதயமே நின்றுபோகலாம். அதனால் தினமும் ரத்தம் பார்த்து, சோறு தொடங்கும் முன்பே தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுத்து, படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். மனநல மருத்துவரும் கூடவே வேண்டும்.

ஸ்டாட்டினை அங்கேயே நிறுத்தினார்கள். நெய்யும் முட்டையும் சாப்பாட்டுக்குத் திரும்பின. 'கொலஸ்ட்ரால் ஏறுமே' என்று அவள் வாதாடியபோது, இவள் விஷயத்தில் நெய்தான் அதை இறக்கும் வழி என்று சொல்ல வேண்டியிருந்தது. கேட்கிற யாருக்கும் தலைகீழாகத்தான் தோன்றும்.

அப்புறம், மறுபரிசோதனைக்கு அவசரப்படக்கூடாது. எடை ஏறத் தொடங்கிய முதல் வாரங்களில் பார்த்தால் எண் அப்படியேதான் இருக்கும்; பதறிப்போய் பழைய சீட்டைத் தேடுவார்கள். எடை மீண்டு சில மாதம் நிலைத்த பிறகு பார்க்க வேண்டும். அப்போதும் எல்டிஎல் 190ஐத் தாண்டி நின்றால், பரம்பரைக் கொலஸ்ட்ராலா என்று பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் பார்ப்பது முறை.

இவளுக்கு அது தேவைப்படவில்லை. பதினோராவது மாதம் மாதவிலக்கு திரும்பியிருந்தது, மொத்தக் கொலஸ்ட்ரால் 181. உள்ளங்கை மஞ்சள் அதற்கு முன்பே போய்விட்டது. கேரட்டை மட்டும் இன்னும் விடவில்லை, இப்போது அல்வாவாக.