டேன்ஜென்சி போர்ட்ஃபோலியோ: வட்டியைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும்

புதுச்சேரியில் நிதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு ரிஸ்க் உள்ள சொத்துகள், ஒரு ரிஸ்க் இல்லாத வட்டி, இவற்றிலிருந்து டேன்ஜென்சி போர்ட்ஃபோலியோவின் விகிதத்தைக் கண்டுபிடிக்கும் பாடம் வந்தாலே, படிக்கிற காலத்தில் நான் போன தப்பான வழியிலேயே இவர்களும் போகிறார்கள். ரிஸ்க் இல்லாத வட்டியிலிருந்து வரையும் தொடுகோடு தொடும் கலவைதான் டேன்ஜென்சி போர்ட்ஃபோலியோ, அதாவது எடுக்கும் ரிஸ்க்குக்கு அதிகபட்சக் கூடுதல் வருமானம் தரும் கலவை. கூட்டல் பிழை, தசமப்புள்ளி இடம் மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத தவறுகள்தான் பணத்தைத் தின்பவை.

சூத்திரம் இது. e1, e2 என்பவை வட்டியைக் கழித்த கூடுதல் வருமானங்கள். v1, v2 அவற்றின் வேரியன்ஸ். இரண்டுக்கும் இடையிலான கோவேரியன்ஸ் c. கலவையில் ஒவ்வொரு சொத்துக்கும் உள்ள விகிதம் w1, w2.

```
z1 = e1*v2 - e2*c
z2 = e2*v1 - e1*c
w1 = z1/(z1+z2)
w2 = z2/(z1+z2)
```

மொத்த வருமானத்தையே சூத்திரத்தில் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். வட்டியைக் கழிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், கேட்டால் சரியாகவே சொல்வார்கள். ஆனால் ஷீட்டில் கழித்திருக்க மாட்டார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் ஒரு தம்பி, அப்பாவுக்கு ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் 10 லட்சத்தை எப்படிப் பிரிப்பது என்று எக்ஸெலில் போட்டுக்கொண்டு வந்தான். பங்குச்சந்தை இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, தங்க ஃபண்ட் ஒன்று. கையால் சரிபார்க்க வசதியாக எண்களை முழுதாக்கித் தருகிறேன். எதிர்பார்க்கும் வருமானம் பங்குக்கு 13%, தங்கத்துக்கு 9%, ரிஸ்க் இல்லாத வட்டி 7%. திட்ட விலக்கம் பங்குக்கு 20, தங்கத்துக்கு 10. அப்படியானால் வேரியன்ஸ் 400, 100. ஒட்டுறவுக் கெழு 0.2 என்பதால் கோவேரியன்ஸ் 0.2 × 20 × 10 = 40.

அவனுடைய விடை: பங்கு 23.4%, தங்கம் 76.6%. "அப்பா பயந்த சுபாவம் சார், பங்கு இவ்வளவு இருந்தாலே போதும்" என்றான்.

7% என்பது ஷீட்டில் ஒரு கட்டத்தில் இருந்தது. கூடுதல் வருமானத்தைத் திட்ட விலக்கத்தால் வகுக்கும் ஷார்ப் விகிதம் போட்ட கட்டம் அதைச் சரியாகவே எடுத்துக்கொண்டது. விகிதம் கண்டுபிடிக்கும் கட்டம் மட்டும் நேராக 13-க்கும் 9-க்கும் போய்விட்டது. 13 × 100 − 9 × 40 = 940; 9 × 400 − 13 × 40 = 3080. கூட்டுத்தொகை 4020, அதில் 940 என்பது 23.4%.

வட்டியைக் கழித்தால் கூடுதல் வருமானம் 6, 2. இப்போது z1 = 600 − 80 = 520, z2 = 800 − 240 = 560. பங்கு 48.1%, தங்கம் 51.9%. 23 எங்கே, 48 எங்கே!

ஏன் இவ்வளவு தூரம் விலகுகிறது? 13-ம் 9-ம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் எண்கள். 7-ஐக் கழித்தபின் பார்த்தால் பங்கு தருவது தங்கத்தைப் போல மூன்று மடங்கு. ரிஸ்க் எடுத்ததற்குக் கிடைக்கும் கூலி அந்த மிச்சம் மட்டுமே. முதல் 7% ரிஸ்க்கே இல்லாமல் கிடைப்பது. கழிக்காமல் போட்டால், வட்டி 0% என்று வைத்து அங்கிருந்து தொடுகோடு வரைந்ததாக ஆகிவிடும். அது வேறு கோடு, அது தொடும் புள்ளியும் வேறு.

தம்பிக்கு அந்த 23% எச்சரிக்கையான முடிவாகத் தெரிந்ததுதான் ஆபத்து. அவன் கலவையின் திட்ட விலக்கம் 9.74, எதிர்பார்க்கும் வருமானம் 9.94%. சரியான கலவையில் 8.25 லட்சத்தையும் மீதி 1.75 லட்சத்தை 7% வட்டியிலும் போட்டுப் பாருங்கள். திட்ட விலக்கம் அதே 9.74, வருமானம் 10.24%. பயம் ஒரே அளவுதான், ஆனால் 10 லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 ரூபாய் எதிர்பார்ப்பில் குறைகிறது. பயந்தவருக்குக் கலவையை மாற்றக் கூடாது, வட்டியில் வைக்கும் தொகையைத்தான் கூட்ட வேண்டும். 1958-இல் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின் காட்டியது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. வட்டிக் கட்டத்தில் 7-ஐ அழித்து 5 போடுங்கள். w1 அசையவில்லை என்றால் வட்டி அந்தச் சூத்திரத்துக்குள் போகவே இல்லை. தம்பியின் ஷீட்டில் 23.4 அப்படியே நின்றது. அவனே நிமிர்ந்து பார்த்தான். இன்னொன்று, ஒவ்வொரு சொத்துக்கும் முழுக் கலவையோடு உள்ள கோவேரியன்ஸைப் போடுவது. பங்குக்கு 0.481 × 400 + 0.519 × 40, சுமார் 213. தங்கத்துக்கு 0.481 × 40 + 0.519 × 100, சுமார் 71. விகிதம் 3, கூடுதல் வருமானங்களின் விகிதமும் 6/2 = 3. சரியான டேன்ஜென்சி கலவையில் இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அவனுடைய கலவையில் 124, 86 வந்தது, விகிதம் 1.44. அது 13/9. எந்த எண்ணைக் கழிக்காமல் விட்டான் என்பதை விடையே காட்டிக்கொடுத்துவிட்டது.

மாத வருமானத்திலிருந்து ஆண்டு வட்டியைக் கழிப்பது

கழிக்கத் தெரிந்தவர்கள் விழும் குழி. இரண்டு வேரியன்ஸையும் கோவேரியன்ஸையும் மாதக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு மாற்றாவிட்டாலும் விகிதம் மாறாது; மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருகி அடிபட்டுவிடும். ஆனால் கழித்தலில் அலகு ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மாத வருமானம் 1.08, 0.75 இரண்டிலிருந்தும் 7-ஐக் கழித்தால் −5.92, −6.25. z1-ம் z2-ம் இரண்டுமே மைனஸ். மைனஸை மைனஸால் வகுத்தால் பங்கு 13.1%, தங்கம் 86.9% என்று பார்க்க ஒழுங்கான விடை வந்து நிற்கும். ஆகவே வகுக்கும் முன் z1 + z2 பிளஸ்தானா என்று பாருங்கள்.

அலகு சரியாக இருந்தும் மைனஸ் வந்தால், வட்டி மிக அதிகம் என்று பொருள். நம் எண்களில் மிகக் குறைந்த ரிஸ்க் உள்ள கலவையின் வருமானம் 9.57%. வட்டி அதைத் தாண்டினால் சூத்திரம் தரும் புள்ளியில் ஷார்ப் விகிதம் உச்சத்தில் இருக்காது, அடிமட்டத்தில் இருக்கும்.

சேமிப்புக் கணக்கு வட்டியை எடுப்பது

வேண்டாம். முதலீட்டுக் காலத்துக்குப் பொருந்தும் அரசு டிரஷரி பில் வட்டியை எடுங்கள்.

கோவேரியன்ஸ் இடத்தில் 0.2-ஐப் போடுவது

அது ஒட்டுறவுக் கெழு. இரண்டு திட்ட விலக்கத்தாலும் பெருக்குங்கள்.

48.15% என்று அறிக்கையில் எழுதுவது

தங்கத்தின் எதிர்பார்ப்பை 9-லிருந்து 10 ஆக்கிப் பாருங்கள். e2 = 3; z1 = 480, z2 = 960. பங்கு 48-லிருந்து 33-க்கு இறங்கிவிடும். தங்கம் அடுத்த ஆண்டு 9 தருமா 10 தருமா என்று யாராலும் சொல்ல முடியாது. கோவேரியன்ஸைப் பழைய விலைகளிலிருந்து ஓரளவு நம்பலாம், சராசரி வருமானத்தை அப்படி நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு வருமானத்தையும் ஒரு சதவீதம் ஏற்றி இறக்கி, w1 எதிலிருந்து எதுவரை ஓடுகிறது என்பதையும் சேர்த்தே என் பிள்ளைகளை எழுதச் சொல்கிறேன். இரண்டு தசமம் எழுதி வந்த தாளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.